மொட்டை மாடிக்கும் ஒரு கலங்கல் வேண்டும்

அடைமழை கொட்டிக்கொண்டிருக்கிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. ஆனால் மாடிப்படி வழியாகப் படிப்படியாகத் தண்ணீர் இறங்கிக் கூடத்துக்குள் வருகிறது. வீட்டுக்காரர் குடையோடு வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், மழைநீர்க் குழாயின் அடிவாயில் விரல் தடிமனுக்குத்தான் தண்ணீர் ஒழுகுகிறது. மேலே ஏறிப் பார்த்தால் மொட்டை மாடி குளமாகி நிற்கிறது. மூலையில் இருக்கும் வட்டச் சல்லடையின் மேல் நான்கைந்து பாதாம் இலைகள் தோசைபோல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு குச்சியால் அவற்றைத் தள்ளியதும் 'களகள'வென்று சத்தத்தோடு தண்ணீர் இறங்கத் தொடங்குகிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டின் கடலோர ஊர்களில் ஆண்டுதோறும் நடக்கும் காட்சி இது. பழி பெரும்பாலும் இலைமேல் விழும். இலையைத் தள்ளியதும் தண்ணீர் இறங்கிவிடுவதால் விஷயம் அத்தோடு மறந்தும் போகும். உண்மையில் அந்த மாடியில் மூன்று தவறுகள் சேர்ந்திருக்கின்றன: குழாய்களின் எண்ணிக்கை போதாது, வைத்த இடமும் வைத்த விதமும் சரியில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக, குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியேற வேறு வழியே இல்லை.

மூன்றாவதைப் புரிந்துகொள்ள ஓர் ஏரியை நினைத்துக்கொண்டால் போதும். ஏரிக்கு மதகு உண்டு; வேண்டிய தண்ணீர் அதன் வழியாகத்தான் போகும். அதோடு கலங்கலும் உண்டு. ஏரி நிரம்பினால் கரை உடையாமல், மிஞ்சிய நீர் தானாக வழிந்து போவதற்காகக் கரையில் சற்றுத் தாழ்வாகக் கட்டிய இடம் அது. கலங்கல் இல்லாத ஏரியை எந்த ஊரிலும் வெட்டியதில்லை. மூன்றடிக் கைப்பிடிச் சுவர் நாற்புறமும் சூழ்ந்த நம்முடைய மொட்டை மாடியும், மழை பெய்யும்போது, கரை கட்டிய ஏரிதான். அதற்கு நாம் மதகு மட்டும் வைக்கிறோம், கலங்கலை மறந்துவிடுகிறோம்.

எவ்வளவு மழைக்குக் கணக்கிடுவது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் உயரம் 91 செ.மீ. அதாவது, வடிகால் முழுவதும் அடைத்துக்கொண்ட ஒரு மாடியில் அந்த மழை முழுவதும் தேங்கியிருந்தால், தண்ணீர் கைப்பிடிச் சுவரையே தாண்டியிருக்கும்.

ஆனால் இதே எண்ணில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 95 செ.மீ.யை 24 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் மணிக்குச் சராசரியாக 40 மி.மீ.தான் வருகிறது. ஒரு சாதாரண மாலை இடிமழை, இருபது நிமிடங்களுக்கு மட்டும் என்றாலும், இதைவிட வேகமாகக் கொட்டக்கூடும். மாடியிலிருந்து தண்ணீர் கீழே போவதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். ஆகவே மாடி வடிகாலுக்கு முக்கியம் ஒரு நாளில் எவ்வளவு பெய்தது என்பதல்ல. உக்கிரமான அந்தச் சில நிமிடங்களில் எந்த வேகத்தில் பெய்தது என்பதே.

சாதாரண வீடுகளுக்கு மணிக்கு 100 மி.மீ. என்ற வேகத்தை வைத்துக் கணக்கிடுவது குறைந்தபட்சம். ஒரு பகுதியில் மணிக்கு 100 மி.மீ. அளவுக்குப் பெய்வதைத்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் மேக வெடிப்பு என்கிறது. ஆனால் அதே வேகம் ஐந்து பத்து நிமிடங்களுக்கு மட்டும் வருவது மேக வெடிப்பைப் போல அரிதல்ல. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வீடு கட்டுவோர் மணிக்கு 150 மி.மீ.க்குத் திட்டமிட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

ஒரு குழாய்க்கு எத்தனை சதுர அடி?

1 மி.மீ. மழை 1 சதுர மீட்டரில் விழுந்தால் அது 1 லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் பெருக்கல்தான்.

அரை கிரவுண்டில் கட்டிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடி 40 அடி நீளம், 30 அடி அகலம். 1,200 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 111 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை பெய்தால், ஒரு மணி நேரத்தில் அந்த மாடியில் 11,000 லிட்டருக்கு மேல் விழும். பெரிய தண்ணீர் லாரி ஒன்று தன் தொட்டி முழுவதையும் மாடியில் கொட்டிவிட்டுப் போவதற்குச் சமம். விநாடிக்கு 3 லிட்டருக்குச் சற்று அதிகம்.

இதற்கு எத்தனை குழாய் வேண்டும்? இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இதற்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. மணிக்கு 100 மி.மீ. மழைக்கு, 100 மி.மீ. விட்டமுள்ள, நாம் 4 அங்குலம் என்று சொல்லும் ஒரு குழாய் 42.7 சதுர மீட்டர் கூரைக்குப் போதும் என்கிறது அது. நம் கணக்கில் 460 சதுர அடி. 75 மி.மீ., அதாவது 3 அங்குலக் குழாய்க்கு 20.4 சதுர மீட்டர்தான். 220 சதுர அடி. ஒரே ஓர் அங்குலம்தான் வித்தியாசம், ஆனால் திறன் பாதியாகிவிடுகிறது. மழை வேகத்தை 150 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 4 அங்குலக் குழாய்க்கும் 28.5 சதுர மீட்டர், அதாவது 307 சதுர அடிதான் கணக்கு.

இப்போது நம் மாடிக்கு வருவோம். "ஒரு மாடிக்கு ரெண்டு பைப்பு போதும்" என்று மேஸ்திரி சொல்ல, செலவைக் குறைக்க 3 அங்குலக் குழாய்கள் இரண்டை வைத்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். அந்த இரண்டும் சேர்ந்து தாங்குவது 440 சதுர அடிதான். மாடியின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 4 அங்குலக் குழாய் என்றால் 100 மி.மீ. மழைக்கு மூன்று வேண்டும், 150 மி.மீ. மழைக்கு நான்கு. கடையில் குழாய் வாங்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 75, 110 என்று பி.வி.சி. குழாயில் அச்சிட்டிருப்பது வெளிவிட்டம். எனவே 75 என்றிருக்கும் குழாயின் உள்வாய் 3 அங்குலத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

மாடியின் மேல் வேறு சுவர் எழும்பியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை, படிக்கட்டு அறைச் சுவரிலோ பாதி மாடியில் கட்டிய அறையின் சுவரிலோ மோதி வழிந்து கீழ்த்தளத்துக்குத்தான் வரும். அந்தச் சுவரின் பரப்பில் பாதியைக் கூரைப் பரப்போடு கூட்டிக்கொள்வது கட்டுமானத் துறையின் வழக்கம்.

எத்தனை சிறிய மாடியானாலும் ஒரே குழாயோடு நிறுத்தவே கூடாது. ஒன்று அடைத்தாலும் இன்னொன்று வேலை செய்ய வேண்டும்.

குழாயைவிட வாய்தான் சிறியது

இந்த அட்டவணையைப் பார்க்கும் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். செங்குத்தாக இறங்கும் 4 அங்குலக் குழாய் விநாடிக்குப் பத்து லிட்டர்வரை கொண்டுபோகக்கூடியது. அப்படியிருக்க, விதித்தொகுப்பு ஏன் விநாடிக்கு 1.2 லிட்டர் அளவுக்கே அதை மதிப்பிடுகிறது?

பதில் குழாயில் இல்லை, குழாயின் வாயில் இருக்கிறது. மாடியில் தண்ணீர் தடித்து நிற்பதில்லை. மெல்லிய ஏடுபோலப் பரவி வந்து, வட்ட விளிம்பின் மேலேறி உள்ளே விழுகிறது. விளிம்பின் மேல் நிற்கும் தண்ணீரின் உயரத்தைப் பொறுத்துத்தான் உள்ளே போகும் அளவு அமையும். கூரை வடிகாலுக்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தின்படி, 100 மி.மீ. வாயின் மேல் 20 மி.மீ. தண்ணீர் நின்றால் விநாடிக்கு 1.2 லிட்டர் உள்ளே போகும். அட்டவணை சொல்லும் அளவும் ஏறத்தாழ அதுதான். தண்ணீர் 40 மி.மீ. நின்றால் 3.4 லிட்டர் போகும். உயரம் இரட்டிப்பானால் ஓட்டம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது.

ஆக, குழாயை மாற்றாமலே வாயின் திறனைக் கூட்ட ஒரு வழி கிடைக்கிறது: வாயைச் சுற்றித் தளத்தைத் தாழ்த்துவது. வாயை நடுவில் வைத்து, சுமார் 45 செ.மீ. சதுரத்துக்குத் தட்டுப்போலக் குழிவாகப் பூசிவிட்டால், மாடியெல்லாம் தண்ணீர் நிற்காமலே வாயின் மேல் மட்டும் 4, 5 செ.மீ. உயரம் கிடைத்துவிடும். மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலை விவரக்குறிப்பில் இதே 45 செ.மீ. குழிவு 'குர்ரா' என்ற பெயரில் தனி வேலையாகவே இடம்பெற்றிருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் கொத்தனாரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுவதால், சில வீடுகளில் குழிவு இருக்கும், சில வீடுகளில் இருக்காது. ஓடு பதிக்கும்போது ஓட்டை வாய்வரை நேராகப் பதித்துக் குழிவை மூடிவிடுவதும் உண்டு.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் அதிகம். தமிழ்நாட்டு வீடுகளில் வாயைத் தளத்தில் வைப்பதைவிட, கைப்பிடிச் சுவரின் அடியில் ஓட்டை போட்டுக் குழாயைப் படுக்கவைத்து, வெளியே முழங்கை கொடுத்து இறக்குவதுதான் வழக்கம். தளத்தில் ஓட்டை போடாததால் ஒழுகல் பயம் குறைவு. அதில் நியாயம் உண்டு. ஆனால் படுத்திருக்கும் வட்டக் குழாயின் அடிப்பக்கம் குறுகலானது. அதனால் செங்குத்து வாய் 20 மி.மீ. தண்ணீரில் விழுங்குவதைப் படுத்த வாய் விழுங்க ஏறக்குறைய 50 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்குப் பல இடங்களில் குழாயை முதலில் சுவரில் பதித்துவிட்டு, செங்கல் ஜல்லியும் ஓடும் பின்னால் போடுவார்கள். வாட்டம் சரியாக அமையாமல், முடிந்த தளத்தைவிடக் குழாயின் அடி ஓர் அங்குலம் மேலே நின்றுவிடும். அந்த ஓர் அங்குலத் தண்ணீர் எந்நாளும் வடியாது. கூரையின் மிக ஒழுகலான இடமாக அந்த மூலையே மாறிவிடும்.

சுவர் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்றால் வட்டக் குழாயைவிடச் செவ்வகத் தூம்பு நல்லது. 20 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள தூம்பு, 5 செ.மீ. தண்ணீர் நிற்கும்போது விநாடிக்கு 3 லிட்டருக்கு மேல் வெளியேற்றும். படுத்த 4 அங்குலக் குழாயைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அகலம் முழுவதும் அடியிலேயே கிடைப்பதுதான் காரணம். வெளிப்பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து அதன் அடியிலிருந்து குழாயை இறக்கிக்கொள்ளலாம்.

எங்கே வைப்பது?

வாட்டம் நன்றாக இருந்தால்தான் வாய்க்குத் தண்ணீர் வரும். நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டம், அதாவது பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம், ஓடு பதித்த மாடிக்குப் போதுமானது. வாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு உயரத்தை மேட்டில் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதுதான் இதில் மறைந்திருக்கும் செலவு.

நம் 40 × 30 மாடியில் எல்லா வாயையும் தெருப் பக்கமே வைத்தால், பின்மூலைத் தண்ணீர் முப்பதடிக்கு மேல் ஓடி வர வேண்டும். அங்கே ஜல்லி 4 அங்குலம் உயர வேண்டும். அதற்குப் பதிலாக, இரண்டு நீளப் பக்கங்களிலும், ஒவ்வொரு முனையிலிருந்தும் பத்தடி தள்ளி, இரண்டிரண்டு வாய் வைத்தால் மாடி நான்கு பகுதிகளாகப் பிரியும். ஒவ்வொன்றும் 20 × 15; 300 சதுர அடி. 150 மி.மீ. மழைக்கு 4 அங்குலக் குழாய் தாங்குவது 307 சதுர அடி என்று பார்த்தோம். மிகத் தொலைவில் விழும் துளியும் 18 அடிதான் ஓட வேண்டும். மேடும் இரண்டேகால் அங்குலத்துக்குள் அடங்கிவிடும். ஜல்லியும் சுண்ணாம்பும் மிச்சமாவதோடு கூரைமேல் ஏறும் பாரமும் குறையும்.

தளத்தில் வைக்கும் வாயை மூலையில் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. வட்ட வாய் நாற்புறமிருந்தும் தண்ணீரை வாங்குவது; இரு பக்கமும் சுவர் நெருக்கினால் பாதி விளிம்பு வேலை செய்யாது. காற்று குப்பையைக் கூட்டிச் சேர்ப்பதும் மூலையில்தான். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளியிருப்பது நல்லது. வாய்க்கும் மேட்டுக்கும் நடுவில் தண்ணீர்த் தொட்டியின் பீடம், சூரியத் தகட்டின் கான்கிரீட் கால்கள், குறுக்கே ஓடும் குழாய்கள் ஆகியவை இருந்தால், தண்ணீர் தேங்கும் சிறு கரைகளாக அவை மாறிவிடும். பின்னால் சூரியத் தகடு வைப்பவர்கள் பலரும் மறக்கும் விஷயம் இது.

இலைத்தடுப்பு: தட்டையா, குமிழா?

இனி இலை. வேப்பிலை சிறியது, அது சல்லடைக்குள் நுழைந்து குழாயின் முழங்கையில் போய்ப் படியும். நாட்டு பாதாம் இலை அப்படியல்ல. அது 4 அங்குல வாயைவிடப் பெரியது. ஒரே இலை நனைந்து தட்டைச் சல்லடைமேல் படுத்தால் போதும், வாய் மூடிவிடும். மேலே நிற்கும் தண்ணீரே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்; மழை கூடக்கூட அழுத்தமும் கூடும்.

ஆகவேதான் மரங்கள் சூழ்ந்த வீடுகளுக்குக் குமிழ் வடிவத் தடுப்பு வேண்டும். இலைகள் அதன் அடிப்பக்கத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டாலும், தண்ணீர் சற்று உயர்ந்து மேல்பகுதிக் கம்பிகளின் வழியாக உள்ளே போகும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் குழாய்ப்பணி விதிகள் இதற்குத் தெளிவான அளவு சொல்கின்றன: குமிழ்த் தடுப்பு தளத்திலிருந்து 4 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும், அதன் திறப்புகளின் மொத்தப் பரப்பு குழாயின் பரப்பைப்போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். மக்கள் நடமாடும் இடத்தில் தட்டைச் சல்லடைதான் வேண்டும் என்றால் இரண்டு மடங்கு. 4 அங்குலக் குழாயின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. தட்டைச் சல்லடைக்கு 157 சதுர செ.மீ. திறப்பு வேண்டும். கடையில் கிடைக்கும் 4 அங்குல வட்ட ஜாலியின் மொத்தப் பரப்பே அதில் பாதிதான். அதிலும் துளைகள் போக மீதி உலோகம். எனவே அந்த ஜாலி, ஓர் இலைகூட விழாதபோதே குழாயை நெரிக்கிறது. தட்டையாகத்தான் வேண்டுமென்றால், அடியில் குழிவை அகலமாக்கி, ஓரடிச் சதுரச் சட்டத்தில் கம்பி ஜாலி போடலாம்.

எந்தத் தடுப்பானாலும் ஓட்டத்தைக் குறைக்கும். ஐரோப்பிய வடிகால் தரநிலை, தடுப்பு வைத்த வாயின் திறனைப் பாதியாகவே கணக்கிடச் சொல்கிறது. குழிவு தேவை என்பதற்கு இது இன்னொரு காரணம். சிலர் மழைநீரை வடிகட்டிச் சேமிப்பதற்காக மாடி வாயிலேயே கொசுவலையைக் கட்டிவிடுகிறார்கள். முதல் மழையின் தூசியிலேயே அது அடைந்துவிடும். மாடியில் இலையை மட்டும் தடுத்தால் போதும். தூசியை வடிகட்டும் வேலை கீழே, தொட்டிக்கு முன்னால் நடக்கட்டும்.

அங்கேயும் ஒரு கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, பல வீடுகளில் எல்லாக் குழாய்களையும் ஒன்றாக இணைத்து ஒரே மணல் வடிகட்டிக்குள் விட்டார்கள். அந்த மணலை மாற்றாமலே ஆண்டுகள் கடந்தால், வடிகட்டியில் தேங்கும் தண்ணீர் குழாய்க்குள்ளேயே ஏறி மேலே எதிர்த்து நிற்கும். வடிகட்டித் தொட்டிக்கும் வழிந்து போக ஒரு வாய் இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

கலங்கல் வைக்கும் முறை

எல்லாம் சரியாகச் செய்த பிறகும், ஒரு பந்தோ பிளாஸ்டிக் பையோ குருவிக் கூடோ வாயை அடைக்கும் நாள் வரக்கூடும். அன்று என்ன ஆகும்?

1 செ.மீ. தண்ணீர் ஒரு சதுர மீட்டரில் 10 கிலோ. ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டைக் கூரைக்கு, கூரையின் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு 150 கிலோவைத்தான் இந்தியத் தரநிலை புழங்கு சுமையாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அது 15 செ.மீ., அதாவது அரையடித் தண்ணீருக்குச் சமம். கைப்பிடிச் சுவரோ மூன்றடிவரை தண்ணீரைப் பிடித்துவைக்கும். தளம் முழுவதும் அரையடிக்கு மேல் நின்றால், பொறியாளர் கணக்கிட்ட புழங்கு சுமை தாண்டிவிடுகிறது. அதற்கு முன்பே படிக்கட்டு அறையின் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும்.

இதைத் தடுக்க வேண்டியது ஒரு மாற்றுத் தூம்புதான். அதன் அடிமட்டம் மாடியின் தாழ்ந்த இடத்தைவிட 5 செ.மீ., அதாவது 2 அங்குலம் மேலே இருக்க வேண்டும். மேற்சொன்ன அமெரிக்க விதிகளும் இதே 2 அங்குலத்தைத்தான் சொல்கின்றன. நம் 1,200 சதுர அடி மாடியில் எல்லாக் குழாயும் அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 3.1 லிட்டர் தண்ணீரையும் தூம்புதான் வெளியேற்ற வேண்டும். 20 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள ஒரு தூம்பு, தன் அடிமட்டத்தின்மேல் 5 செ.மீ. தண்ணீர் நிற்க, இதைச் செய்துவிடும். தாழ்ந்த இடத்தில் மொத்தம் 10 செ.மீ. தண்ணீர் நிற்கும், கூரை தாங்கும் அளவுக்குள்தான். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு வைத்தால் 8 செ.மீ.யோடு நின்றுவிடும். படிக்கட்டு அறை வாசற்படியை 15 செ.மீ. உயரத்தில் கட்டிவிட்டால் வீட்டுக்குள் தண்ணீர் வராது.

கட்டி முடித்த வீட்டிலும் இதைச் செய்யலாம். கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் செங்கல்தான் என்பதால், கோர் கட்டிங் செய்பவர்கள் ஒரே நாளில் வட்ட ஓட்டை போட்டுத் தருவார்கள். வட்ட ஓட்டைக்குத் திறன் குறைவு என்பதால், இதே மாடிக்கு 4 அங்குல ஓட்டைகள் மூன்று அல்லது 6 அங்குல ஓட்டைகள் இரண்டு வேண்டும். சுவரில் மட்டும்தான் துளைக்க வேண்டும். கீழேயுள்ள தளத்தையோ உத்தரத்தையோ தொடக் கூடாது. உள்ளே வைக்கும் பி.வி.சி. துண்டின் வழுவழுப்பில் சிமென்ட் ஒட்டாது. உப்புத்தாள் தேய்த்து, பசை தடவி, மணல் தூவிக் காயவைத்துப் பதித்தால்தான் சுற்றிலும் ஒழுகாது. துண்டு வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து, சுவரைவிட அரையடி நீண்டிருந்தால் தண்ணீர் சுவரை நனைக்காமல் விழும்.

இந்தத் தூம்பின் வெளிமுனையில் குழாய் மாட்டிக் கீழே இறக்கக் கூடாது. அது எல்லோர் கண்ணிலும் படும்படி கொட்ட வேண்டும். சாதாரண மழையில் அதிலிருந்து ஒரு சொட்டும் வராது. வந்தால், மாடியில் எங்கோ அடைத்திருக்கிறது என்று பொருள். வாசலில் நிற்பவருக்கே அது தெரிந்துவிடும். மின்மீட்டருக்கு மேலோ அடுத்த வீட்டு மனையிலோ விழாதபடி இடம் பார்த்துக்கொண்டால் போதும்.

மழையில் ஒரு சோதனை

தன் மாடியின் கோளாறு எது என்று அறிய, இடி மின்னல் இல்லாத நல்ல மழையில் ஓர் அளவுகோலோடும் நீளக் குச்சியோடும் ஒருமுறை மாடிக்குப் போனால் போதும். வாய் சுத்தமாக இருந்தும் அதனருகே 5 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நின்றால், குழாய்களின் எண்ணிக்கையோ அளவோ போதவில்லை. தடுப்பைக் குச்சியால் நகர்த்தியதும் சத்தத்தோடு தண்ணீர் இறங்கினால், கோளாறு தடுப்பில். தடுப்பை எடுத்தும் தண்ணீர் மெதுவாகச் சுழன்றபடியே நின்றால், அடைப்பு கீழே, பெரும்பாலும் முதல் முழங்கையில் இருக்கும். திறந்து சுத்தம் செய்யக்கூடிய மூடியுள்ள முழங்கையை அங்கே மாற்றிவிட வேண்டும். கையை வாய்க்குள் விடக் கூடாது. இழுவிசை கையைச் சிக்கவைத்துவிடும்.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் எங்காவது தண்ணீர் தேங்கியிருந்தால் அது வாட்டக் கோளாறு. மழையே இல்லாத நாளிலும் கைப்பிடிச் சுவரின் உட்புறம் ஒரு தடயம் காட்டும்: பாசியும் அழுக்கும் சேர்ந்த ஒரு படுக்கைக் கோடு. தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. அந்தக் கோடு தளத்திலிருந்து எத்தனை விரற்கடை மேலே என்று அளந்து பார்த்தால், போன மழையில் அந்தக் கூரை எவ்வளவு பாரத்தைச் சுமந்தது என்று தெரிந்துவிடும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாள் மாடிக்குப் போய், நான்கு சுவர்களையும் சுற்றிப் பாருங்கள். குழாய் வாய்கள் தவிர வேறு திறப்பு எதுவும் இல்லையென்றால், இந்த மழைக்கு முன்பே ஒன்றை வைத்துவிடுங்கள். அகலம் 8 அங்குலம், உயரம் 4 அங்குலம், தளத்தின் தாழ்ந்த இடத்திலிருந்து 2 அங்குலம் மேலே.